காஸ்பிளே படங்கள்: பாராட்டு வேடத்துக்கு, வீட்டுப் பெயர் வெளியே வேண்டாம்

கோலாலம்பூர் – காமிக் ஃபியெஸ்தா 2002-இல் தொடங்கிய விழா. இப்போது ஆண்டுதோறும் டிசம்பரில் கே.எல்.சி.சி. மாநாட்டு மையத்தில் நடக்கிறது. கதாபாத்திர வேடமிட்டு அங்கே போகும் குழுக்களில் கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் பக்கத்து நம் இளைஞர்களும் இருக்கிறார்கள். விழா முடிந்த இரவே படங்கள் வெளிவரத் தொடங்கிவிடும். வேடமிட்டவர் யார், படம் எடுத்தவர் யார், கவசம் செய்தவர் யார் என்று பெயர் போடுவது காஸ்பிளே உலகின் மரியாதை. அதைத்தான் ‘கிரெடிட்’ என்கிறார்கள்.

சிக்கலும் அந்தப் பெயரில்தான் இருக்கிறது. மலேசியத் தமிழரின் பெயர் தனியாக வருவதில்லை. அடையாள அட்டையில் ஏ/எல் அல்லது ஏ/பி போட்டு அப்பாவின் பெயரும் கூடவே வரும். தோட்டத்திலோ தாமானிலோ வளர்ந்தவருக்கு அந்த இரண்டு பெயரும் சேர்ந்தாலே முகவரி மாதிரிதான். “இது நம்ம லாரிக்காரர் மகளாச்சே!” என்று திருவிழாவுக்கு வந்த அத்தை சொல்லிவிடுவார். வீட்டில் சொல்லாமல் வேடமிடும் பிள்ளைக்கும், மாணவர்களுக்குத் தெரிய வேண்டாம் என்று நினைக்கும் ஆசிரியைக்கும் இது விளையாட்டு விஷயமல்ல.

ஆகவே பெயர்ப் பட்டியலை விழாவுக்கு முன்பே எழுதி வைக்க வேண்டும். படம் வந்த பிறகு அவசரத்தில் கேட்டால், யாராவது ஒருவர் பழக்கதோஷத்தில் கூப்பிடு பெயரைப் போட்டுவிடுவார். ஒவ்வொருவரிடமும் மூன்று கேள்விகள் போதும்: எந்தப் பெயரைப் போடலாம்? அவருடைய கணக்கை இணைக்கலாமா? வேடமில்லாத முகம் வெளியே வரலாமா? மூன்றாவது கேள்வியைத்தான் பலர் மறக்கிறார்கள். ஒப்பனையும் பொய்முடியும் போட்ட முகத்தை உறவினருக்கே அடையாளம் தெரியாமல் போகலாம். ஒப்பனை அறையில் பாதி வேடத்தில் எடுத்த படம் வெளிவந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். புனைபெயரிலும் கவனம் வேண்டும். பிறந்த ஆண்டு, பள்ளியின் சுருக்கப் பெயர், பழைய முகநூல் கணக்கில் பயன்படுத்திய பெயர் ஆகியவை அதில் இருக்கக் கூடாது.

ஆறு பேர் கொண்ட ஒரு குழுவை எடுத்துக்கொள்வோம். அவர்களில் ஒருவர் கிள்ளானில் ஆசிரியை. படத்தின் கீழே “வேடம்: நிலாமுகில். படம்: கேமரா குருவி. கவசமும் தையலும்: குழுவினர்” என்று சரியாகவே போட்டிருக்கிறார்கள். எந்த இடத்திலும் உண்மைப் பெயர் இல்லை. ஆனாலும் மறுநாளே அவருடைய முழுப்பெயர் வெளியே தெரிந்துவிடுகிறது. எப்படி?

முதலில் பார்க்க வேண்டியது டூயிட்நவ். கைத்தொலைபேசி எண்ணுக்கோ கியூஆர் குறியீட்டுக்கோ பணம் அனுப்பும்போது, உறுதிப்படுத்தும் முன் கணக்கு வைத்திருப்பவரின் பெயர் திரையில் வரும். தவறான ஆளுக்குப் பணம் போகாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. நிலாமுகில் தன் படம் போட்ட அட்டைகளைச் சிறு மேசையில் வைத்து விற்றிருக்கிறார். பக்கத்தில் அவருடைய கியூஆர் அட்டையும் இருந்திருக்கிறது. வாங்கியவர் எல்லாருக்கும் ஏ/பி-யோடு பெயர் தெரிந்துவிட்டது. மேசையைப் படம் எடுத்துப் போட்டபோது, வாங்காதவரும் ஸ்கேன் செய்யலாம் என்றாகிவிட்டது. குறியீட்டின் மேல் ஒரு ஸ்டிக்கரை ஒட்டி மறைத்துவிட்டோம் என்று நினைக்கிறவர்கள், அதே மேசையின் மற்றப் படங்களையும் பார்க்க வேண்டும்.

இதற்குத் தீர்வு எளிது. பெயர் வெளியே தெரிந்தாலும் பரவாயில்லை என்று சொல்லும் ஒருவரைக் குழுவின் பணப் பொறுப்பாளராக வைத்து, அவர் குறியீட்டை மட்டும் பயன்படுத்தலாம். வியாபாரம் பதிவு செய்திருந்தால் வியாபாரக் கணக்கின் கியூஆர் இன்னும் நல்லது, அதில் கடைப்பெயர்தான் வரும். கைத்தொலைபேசி எண்ணை டூயிட்நவ் அடையாளமாகப் பதிந்திருந்தால், வங்கிச் செயலியில் அதை நீக்கிக்கொள்ள முடியும்.

எண்ணை நீக்கச் சொல்வதற்குக் காரணம் புலனம். படக்கலைஞர்கள், மற்றக் குழுவினர் என்று முகம் தெரியாத நாற்பது பேர் இருக்கும் புலனக் குழுவில் எல்லாருடைய எண்ணும் எல்லாருக்கும் தெரியும். அந்த எண்ணை வங்கிச் செயலியில் தட்டினால் பெயர் வந்துவிடுகிறது. சொந்தக் குழுவுக்குள் புலனம் போதும். வெளியாரோடு படம் பரிமாற டெலிகிராம் பொருந்தும். அதில் தனியுரிமை அமைப்புக்குப் போய், தொலைபேசி எண்ணை யாரும் பார்க்க முடியாதபடி மாற்றி, பயனர் பெயரில் மட்டும் பேசலாம்.

அடுத்தது பொதுத் தொகுப்பு. கூகள் டிரைவில் போட்ட கோப்புறையைத் திறந்தால் உரிமையாளரின் கணக்குப் பெயர் அங்கேயே தெரியும். குழுவுக்கென்று தனிக் கணக்கு ஒன்றைத் திறந்து அதிலிருந்து பகிர வேண்டும். கோப்பின் பெயரையும் பாருங்கள். ‘கவிதா டீச்சர் பைனல் 2’ என்று யாராவது சேமித்திருப்பார்கள். கைத்தொலைபேசியில் இருப்பிடப் பதிவு திறந்திருந்தால், வீட்டில் உடையைப் போட்டுப் பார்த்து எடுத்த படத்துக்குள் வீட்டின் இடமும் பதிந்திருக்கும். புலனத்தில் சாதாரணப் படமாக அனுப்பினால் அந்தத் தகவல் நீங்கிவிடும். தரம் குறையக் கூடாதென்று ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும். டிரைவில் ஏற்றிய மூலப்படத்துக்கும் அதே கதைதான்.

பயணப் படங்களை அன்றைக்கே போட வேண்டாம். கிள்ளானில் கேடிஎம் ஏறி, கேஎல் சென்ட்ரலில் எல்ஆர்டி மாறி, கேஎல்சிசியில் இறங்கும் வழியை நேரத்தோடு போட்டால், திரும்பி வரும் வழியையும் சொல்லிவிட்டதாகத்தான் பொருள். வீடு சேர்ந்து இரண்டு நாள் கழித்துப் போட்டாலும் படம் அதே படம்தான்.

மற்றவர் எடுத்த படத்தில் உரிமை எப்படி? விழா மண்டபத்தில் ஒருவர் தானாக எடுத்த படத்தின் பதிப்புரிமை பொதுவாக அவருக்கே. அதில் நிற்பதால் மட்டும் அது நமதாகிவிடாது. 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வணிக நடவடிக்கைகளுக்கானது, பொழுதுபோக்காகப் படம் பகிரும் நண்பர்களிடம் அது செல்லாது. அதனால் படம் எடுக்க நிற்கும் முன்பே, “இந்தப் பெயரைத்தான் போடணும், எடுக்கச் சொன்னா எடுத்துடணும் அண்ணா” என்று சொல்லி, அதையே செய்தியாகவும் அனுப்பி வைப்பது நல்லது. சண்டை வந்த பிறகு காட்ட அது ஒன்றுதான் இருக்கும்.

பதினெட்டு வயது நிரம்பாதவர் குழுவில் இருந்தால் பெற்றோருக்குத் தெரியாமல் படம் போடவே கூடாது. இதில் புனைபெயர் உதவாது.

யாராவது வேண்டுமென்றே பெயரை வெளியிட்டால் இப்போது சட்டம் இருக்கிறது. 2024 ஜூலையில் சமூக ஊடகப் பிரபலம் ஈஷா இணையத் தொல்லைக்குப் பின் உயிரிழந்ததும், அந்த வழக்கில் ஒருவருக்கு வெறும் 100 ரிங்கிட் அபராதம் விதிக்கப்பட்டதும் நம் சமூகத்தைக் கொதிக்க வைத்தன. அதன் பின்னர் குற்றவியல் சட்டத்தில் 507பி முதல் 507ஜி வரையிலான புதிய பிரிவுகள் சேர்க்கப்பட்டு, 2025 ஜூலையில் நடப்புக்கு வந்தன. தொல்லையோ அச்சமோ தரும் நோக்கத்தோடு ஒருவருடைய அடையாளத் தகவலைப் பரப்புவதும் அவற்றின்படி குற்றம். நோக்கம்தான் முக்கியம் என்பதைக் கவனிக்க வேண்டும். நண்பர் தெரியாமல் போட்ட பெயர் இதில் வராது.

புகார் செய்ய நேர்ந்தால், பதிவை நீக்கச் சொல்லிக் கேட்பதற்கு முன் திரைப்படிவம் எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கின் பெயர், பதிவின் இணைய முகவரி, தேதி, நேரம் நான்கும் அதில் தெரிய வேண்டும். அதோடு அருகிலுள்ள காவல் நிலையத்தில் புகார் செய்யலாம், மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடமும் அனுப்பலாம். காவல் புகாரில் உண்மைப் பெயரும் அடையாள அட்டை எண்ணும் கேட்பார்கள். அந்தப் புகாரின் நகலைப் படமெடுத்துக் குழுவில் போட்டுவிடாதீர்கள்.