போட்டோவில் காஞ்சிப் பட்டு கட்டும் ஏஐ: ஆன்லைனா, கடை கம்ப்யூட்டரா... எது பெஸ்ட்?

2025 செப்டம்பரில் ஜெமினியின் 'நானோ பனானா' சேலை ட்ரெண்ட் இன்ஸ்டாவை கலக்கியது ஞாபகம் இருக்கா? அப்போது ஒரு பெண், முழுக்கை சுடிதாரில் எடுத்த படத்தை கொடுத்தார். வந்த சேலை படத்தில், துணி மறைத்திருந்த கையில் ஒரு மச்சம். நிஜத்திலும் அதே இடத்தில் மச்சம் உண்டு என்று அவர் சொல்ல, பலரும் பயந்துபோனார்கள். ஒன்று மட்டும் தெளிவு: துணி மறைத்த இடத்தை ஏஐ பார்ப்பதில்லை, தானாக வரைகிறது.

இப்போது காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடை, வாடிக்கையாளர் போட்டோவில் சேலை கட்டிக் காட்ட நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

போட்டோ எங்கே போகுது?

ஆன்லைன் என்றால் படம் கம்பெனி சர்வருக்குப் போகும். ஜெமினி ஆப்பில் கொடுப்பதில் சிலவற்றை மனிதர்களும் பார்க்கலாம். அப்படிப் பார்த்தவை 3 வருஷம் வரை இருக்கலாம் என்று கூகுளே சொல்கிறது.

கடை கம்ப்யூட்டரில் ComfyUI போட்டு, Qwen-Image-Edit போன்ற ஓப்பன் சோர்ஸ் மாடலை ஓட்டினால் படம் வெளியே போகாது. டெஸ்ட் சிம்பிள்: வைஃபையை ஆஃப் பண்ணிட்டு ஓட்டிப் பாருங்க. ஓடலைன்னா, எங்கேயோ இன்டர்நெட் வழியாகத்தான் வேலை நடக்குது. ஆனால் கொடுத்த படம் `input` போல்டரிலும், வந்த படம் `output` போல்டரிலும் தங்கிவிடும். அழிக்காவிட்டால் கடை ஆட்கள் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

அதே சேலைதானா?

பிரச்னையே இங்கேதான். கோர்வை போட்ட கோபுரக் கரையை கொடுத்தால், ஏஐ கிட்டத்தட்ட ஒரு கரையை வரைந்து தரும். கோபுர வரிசை பெரிதாகலாம், அரக்கு நிறம் சிவப்பாகலாம். படத்தைப் பார்த்து வாங்கியவர் "இது நான் கேட்ட சேலை இல்லையே" என்று திரும்பி வருவார். இதில் இரண்டுமே சறுக்கும்.

ஆனால் சொந்த கம்ப்யூட்டரில், துணி இருக்கும் இடத்தை மட்டும் மாஸ்க் போட்டு மாற்றி, பழைய முகத்தை அப்படியே மேலே வைக்கலாம். கரை மட்டும் சரியில்லாத படம் என்றால், சீட் நம்பரை மாற்றாமல் வைத்து, மாஸ்க்கையோ ப்ராம்ப்டையோ மட்டும் மாற்றி திரும்ப ஓட்டிப் பார்க்கலாம். ஆன்லைனில் ஒவ்வொரு முறையும் முகமே லேசாக மாறும் அபாயம் உண்டு.

செலவு கணக்கு

நானோ பனானா அறிமுகமானபோது டெவலப்பர்களுக்கான விலை ஒரு படத்துக்கு 0.039 டாலர், அதாவது சுமார் மூன்றரை ரூபாய். 16 ஜிபி கிராபிக்ஸ் கார்டு உள்ள கம்ப்யூட்டருக்கு 1 லட்சம் ரூபாய் என்று வைத்தால், அந்தக் காசுக்கு ஆன்லைனில் 28 ஆயிரம் படம் போடலாம். தினம் 20 படம் என்றால் கிட்டத்தட்ட 4 வருஷம்! கரன்ட் பில் தனி. அந்த கார்டிலும் Qwen மாடலின் சுருக்கிய வெர்ஷன்தான் ஓடும்.

இலவசம் என்று எதையும் எடுத்துவிடாதீங்க. Qwen-Image-Edit அபாச்சி லைசென்ஸில் வருவதால் கடைக்கு பயன்படுத்தலாம். FLUX.1 Kontext [dev] மாடலின் பொது லைசென்ஸோ வணிகப் பயன்பாட்டுக்கானது அல்ல.

ஆக, காசுக்காக மட்டும் கம்ப்யூட்டர் வாங்குவது சின்னக் கடைக்கு நஷ்டம்தான். ஆள் இல்லாமல் பொம்மைக்கு கட்டிய சேலை படத்துக்கு ஆன்லைனே போதும். வாடிக்கையாளர் முகம் இருந்தால், அவரிடம் கேட்டுவிட்டு சொந்த கம்ப்யூட்டரில் போடுங்க. கூடவே சேலையின் நிஜ போட்டோவையும் அனுப்பிடுங்க.