குரோஷே வரைபடம்

குரோஷே வரைபடம் என்பது ஒரு பின்னல் மாதிரியைச் சொற்களால் விவரிக்காமல், ஒவ்வொரு தையலுக்கும் ஒரு குறியிட்டு, அவை துணியில் அமையும் இடத்திலேயே வரைந்து காட்டும் படம். எழுத்து மாதிரி, கை செய்ய வேண்டியதை வரிசைப்படி சொல்லிக்கொண்டு போகும். வரைபடம் முடிந்த துணியின் உருவத்தையே முன்னால் வைக்கும். எழுத்து மாதிரியை மட்டும் பழகியவர் வரைபடத்தைப் பார்த்துத் தடுமாறுவது குறிகள் தெரியாததால் அல்ல. அவற்றை ஒரே மாலையில் மனனம் செய்துவிடலாம். ஊசியை எந்த இடத்தில் நுழைப்பது என்பதைக் குறியின் அடிமுனை சொல்கிறது. அந்த முனையைப் பார்க்கும் பழக்கம் இல்லாததே தடுமாற்றத்துக்குக் காரணம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ரேந்தை வேலை பழகிய பலருக்கு எழுத்து மாதிரிதான் கைவந்தது. அமெரிக்க மிஷன் 1824இல் உடுவிலில் தொடங்கிய பெண்கள் விடுதிப் பாடசாலையில் தையல் கற்பிக்கப்பட்டது. குரோஷே அச்சிட்ட மாதிரிகளாக ஐரோப்பாவில் பெருகியது அதன் பின்னர், 1840களில். ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் நூலோடும் புத்தகங்களோடும் இலங்கைக்கு வந்த மாதிரிகள் பிரித்தானியப் பெயர்களைக் கையாண்டன. மேசைவிரிப்பு, கதிரையின் முதுகுச் சீலை, தட்டுமூடி என்று வீட்டில் விரியும் ரேந்தைகளின் மாதிரிகள் கொப்பியில் எழுதப்பட்டு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போயின. ஆகவே இங்கு டபிள் குரோஷே என்றால் மிகக் குட்டையான தையல். ட்ரெபிள் என்றால் நூலை ஒருமுறை ஊசியில் சுற்றிப் போடும் உயரமான தையல்.

அமெரிக்க மாதிரிகளில் இதே தையல்களுக்கு வேறு பெயர்கள். இங்குள்ள டபிள் குரோஷேயை அவர்கள் சிங்கிள் குரோஷே என்பார்கள். ட்ரெபிளை டபிள் என்பார்கள். டபிள் ட்ரெபிளை ட்ரெபிள் என்பார்கள். ஒரு காணொளியில் டபிள் என்று கேட்டுப் பழைய பழக்கத்தில் குட்டைத் தையல் போட்டால், வட்டம் உயரத்தில் ஏறாமல் விளிம்பில் தையல்கள் நெருக்கித் துணி அலை அலையாக எழும்பும். வரைபடத்தில் இந்தச் சிக்கல் அடியோடு இல்லை. அது பெயரைச் சொல்வதில்லை, தையலைத்தான் வரைகிறது. குடாநாட்டில் வரைபடம் கற்பதற்கு இதைவிட நல்ல காரணம் தேவையில்லை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

குறிகளில் பல தையலின் தோற்றத்திலிருந்தே எடுக்கப்பட்டவை. செயினுக்குச் சிறு நீள்வட்டம். ஸ்லிப் ஸ்டிச்சுக்கு நிரப்பிய புள்ளி. டபிள் குரோஷேக்கு × அல்லது +. இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான். ஹாஃப் ட்ரெபிளுக்கு மேலே குறுக்குக்கோடு கொண்ட ஒரு தண்டு. ட்ரெபிளுக்கு அதே உருவத்தில் தண்டின் நடுவே ஒரு சாய்வெட்டு, டபிள் ட்ரெபிளுக்கு இரண்டு சாய்வெட்டு. ட்ரெபிளிலிருந்து மேலே, ஊசியை நுழைப்பதற்கு முன் நூலை எத்தனை தடவை சுற்றுகிறோமோ அத்தனை வெட்டுகள். ஹாஃப் ட்ரெபிளுக்கும் ஒரு சுற்று உண்டு, ஆனாலும் அதற்கு வெட்டு இல்லை. இந்த ஒன்றை மட்டும் தனியாக நினைவில் வைக்க வேண்டும். ஜப்பானில் இந்தக் குறிகள் தேசியத் தரமாகவே வரையறுக்கப்பட்டுள்ளன. மற்ற நாடுகளின் புத்தகங்களில் சிறு மாறுதல்கள் இருக்கலாம் என்பதால், படத்தோடு தரப்படும் குறி விளக்கத்தை முதலில் பார்த்துவிட்டே ஊசியை எடுக்க வேண்டும்.

ஒவ்வொரு குறிக்கும் தலையும் அடியும் உண்டு. தலை, தையல் முடியும் இடம். அடி, ஊசி நுழையும் இடம். அடிமுனை முந்திய சுற்றின் ஒரு தையலின் தலைமேல் நின்றால் அந்தத் தையலில் ஊசி நுழைகிறது. அது செயின்களால் ஆன ஒரு வளைவின் அடியில், எந்த நீள்வட்டத்தையும் தொடாமல் நின்றால், செயினைக் குத்தாமல் வளைவுக்குக் கீழுள்ள இடைவெளியில் ஊசியை விட்டுத் தையல் முழு வளைவையும் கட்டிக்கொள்ள விட வேண்டும். பல தண்டுகளின் அடிகள் ஒரே புள்ளியில் கூடினால் அத்தனையும் ஒரே தையலுக்குள் போடப்படுகின்றன. அடிகள் ஒன்றிலிருந்து ஒன்று சற்று விலகி நின்றால் அவை இடைவெளிக்குள் போடப்படுகின்றன. ஜப்பானிய வரைபடங்களில் இந்த வேறுபாடு மிகக் கவனமாகக் காட்டப்படும். இதைக் கவனியாமல் வளைவின் நடுச் செயினைக் குத்தி எட்டு ட்ரெபிள் போட்டால், அந்தச் செயின் இழுபட்டு ஓட்டையாகும், விசிறி விரியாமல் கூம்பி நிற்கும்.

அடிகள் கூடினால் தையல் பெருகுகிறது. தலைகள் கூடினால் குறைகிறது. மூன்று ட்ரெபிள்கள் தனித்தனி அடியிலிருந்து கிளம்பி ஒரே தலையில் சேர்ந்தால், ஒவ்வொன்றையும் கடைசி இழுப்புக்கு முன் நிறுத்தி, ஊசியில் நான்கு வளையங்கள் சேர்ந்ததும் அனைத்தின் ஊடாகவும் ஒரே இழுப்பு. எழுத்து மாதிரியில் இதைச் சொல்ல இரண்டு வரி வேண்டும். படத்தில் கோடுகள் சேர்வதைப் பார்த்தாலே போதும்.

வட்டமான வேலை மையத்திலிருந்து வெளிநோக்கி, வலக்கைக்காரருக்கு இடஞ்சுழியாக வாசிக்கப்படும். ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் அதன் எண் இருக்கும்; அதன் அருகே நேராக அடுக்கிய செயின்கள் நிற்கும். ட்ரெபிள் சுற்றானால் அப்படி மூன்று செயின்கள், அவையே முதல் ட்ரெபிளாகவும் எண்ணப்படும். முன்னும் பின்னும் திருப்பிப் போடும் சதுரத் துணியில் ஒற்றை வரிசைகள் வலமிருந்து இடமாகவும், இரட்டை வரிசைகள் இடமிருந்து வலமாகவும் போகும். எந்தப் பக்கத்தில் வரிசை எண் எழுதியிருக்கிறதோ அங்கிருந்துதான் தொடக்கம்.

இங்கு மேசைவிரிப்புகளில் காணப்படும் அன்னாசி மாதிரியை எடுத்துக்கொள்வோம். கொப்பியில் அது சுற்றுக்கு ஏழெட்டு வரியாக நீளும். அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறி வந்து, எங்கே திரும்பத் தொடங்குவது என்று கண் தேடும். வரைபடத்தில் ஒரு பங்கை மட்டும் வரைந்திருப்பார்கள். அதன் அடியில் ஐந்து நீள்வட்டங்கள் கொண்ட வளைவு. அதன் கீழ் இடைவெளியில் அடிகள் விலகி நிற்கும் எட்டு ட்ரெபிள்கள். இருபுறமும் ஒவ்வொரு சிப்பி: இரண்டு ட்ரெபிள், இரண்டு செயின், இரண்டு ட்ரெபிள், அத்தனையும் கீழ்ச்சிப்பியின் இரு செயின் இடைவெளியில்.

அடுத்த சுற்றில் எட்டு ட்ரெபிள்களின் ஒவ்வொரு தலைமேலும் ஒரு ட்ரெபிள், ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு செயின். ஆக ஏழு சிறு இடைவெளிகள். அதற்கடுத்த சுற்றில் ஒவ்வொரு இடைவெளியிலும் ஒரு ×, இரு ×களுக்கு நடுவே மூன்று செயின். ஏழு × வந்தால் அவற்றிடையே ஆறு வளைவுகள். பிறகு ஒவ்வொரு வளைவிலும் ஒரு ×. ஆகவே ஆறு ×, ஐந்து வளைவு. இப்படியே நான்கு, மூன்று, இரண்டு என்று குறைந்து ஒரே வளைவில் அன்னாசியின் முனை முடியும்.

இந்த மாதிரியில் பலருக்கும் வழுவும் இடம் ஒன்றுண்டு. சிப்பிக்கும் அன்னாசிக்கும் நடுவே ஒவ்வொரு புறமும் இரண்டு செயின் கொண்ட ஒரு பாலம் இருக்கும். எழுத்தில் ‘ஒவ்வொரு வளைவிலும் ஒரு டபிள் குரோஷே’ என்று இருப்பதால் கை அந்தப் பாலத்திலும் ஒரு தையல் போட்டுவிடும். இருபுறமும் ஒவ்வொன்று கூடிவிட்டால் அன்னாசி குறையாமல் சுற்றுக்குச் சுற்று அகலும். வரைபடத்தில் அந்தப் பாலத்தின் மேல் எந்தக் குறியின் அடியும் இல்லை. அது தொடாமல் விட வேண்டிய வெற்றிடம் என்பது கண்ணுக்கு நேரே தெரியும். சுற்று முடிந்ததும் வளைவுகளை எண்ணினால் பிழை உடனே தெரியும்: முந்திய சுற்றைவிட ஒன்று குறைந்திருக்க வேண்டும். அப்படிக் குறையாவிட்டால் அந்தச் சுற்றை மட்டும் பிரித்தால் போதும்.

மற்றொரு இடம், சுற்று மாறும் மூலை. சிப்பியில் சுற்றைத் தொடங்கி முடித்ததும், மூன்றாவது செயினின் தலையில் ஒரு கரும்புள்ளி நின்று வட்டத்தை மூடும். அதைத் தொடர்ந்து இன்னும் இரண்டு புள்ளிகள் இருக்கும். ஒன்று சிப்பியின் இரண்டாவது ட்ரெபிளின் தலைமேல், மற்றொன்று நடு இடைவெளியில். நூலை அறுக்காமல் சிப்பியின் நடுவுக்கு நடந்து போவதற்கான ஸ்லிப் ஸ்டிச்கள் அவை. எழுத்து மாதிரி பழகியவர் சிறு புள்ளிகளை அலங்காரமென்று விட்டுவிட்டு அங்கேயே மூன்று செயின் போட்டால், அடுத்த சிப்பி தன் இடத்திலிருந்து விலகும். அதே பிழை ஒவ்வொரு சுற்றிலும் சேர்ந்து, தொடக்கக் கோடு சாய்ந்து திருகிக் கிடக்கும். ஜப்பானியப் படங்களில் வெள்ளை முக்கோணம் நூல் சேர்க்கும் இடத்தையும் கறுப்பு முக்கோணம் நூல் அறுக்கும் இடத்தையும் காட்டும்; அவற்றுக்கும் இந்தப் புள்ளிகளுக்கும் குழப்பம் வரக்கூடாது.

பழகுவதற்கு, அச்சுப்படத்தைப் பெரிதாக்கிப் பிரதி எடுத்து, முடித்த சுற்றின் மேல் பென்சிலால் மெல்லிய நிறமிடலாம். தொடக்கத்தில் ஒரு சுற்றின் படத்தைப் பார்த்து அதைக் கொப்பியின் பழைய நடையிலேயே எழுதிவிட்டுப் பிறகு போட்டால், எந்த அடியை எங்கே தவறாகப் பார்த்தோம் என்பது எழுத்திலேயே வெளிப்படும்.

வரைபடம் சொல்லாதவையும் உண்டு. நூலின் பருமன், ஊசி அளவு, கை இறுக்கம் ஆகியவை அதில் இல்லை. 10ஆம் இலக்கப் பருத்தி நூலுக்கு 1.25 முதல் 1.75 மில்லிமீற்றர் வரையான ஊசி பொருந்தும் என்பது போன்றவற்றைப் பக்கக் குறிப்பிலேயே தேட வேண்டும். வட்டப்படத்தில் வெளிச்சுற்றின் செயின்கள் இடத்தை நிரப்ப நீட்டி வரையப்படும், ஆகவே படத்தின் அளவை வைத்துச் செயின் நீளத்தை மதிப்பிடக்கூடாது. நீள்வட்டங்களை எண்ணவே வேண்டும். தண்டைச் சுற்றிப் போடும் தையல்களின் அடியில் கொக்கி போன்ற வளைவு இருக்கும். அந்தக் குறி துணியின் முகப்பக்கத் தோற்றத்தையே குறிக்கிறது. எனவே திருப்பிப் போடும் வரிசையில் முன்தண்டுக் குறி வந்தால் கை பின்தண்டில் போட வேண்டும். இடக்கைக்காரர் படத்தைக் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பி, வலஞ்சுழியாக வாசிப்பார். தையல் எண்ணிக்கையில் மாற்றமில்லை. முடிந்த துணி வலக்கை வேலையின் நேரெதிர் உருவமாக வரும்.