ஏரியன் 5: சோதனைத் திட்டத்தில் விடுபட்ட வரி

பிரெஞ்சு கயானாவிலுள்ள கூரூ ஏவுதளத்திலிருந்து 1996ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள் ஐரோப்பிய நாடுகளின் புதிய ராக்கெட்டான ஏரியன் 5 முதன்முறையாகக் கிளம்பியது. சுமார் 40 விநாடிகளில், ஏறத்தாழ 3,700 மீட்டர் உயரத்தில், அது பாதை விலகி முறிந்து வெடித்தது. அதிலிருந்த நான்கு க்ளஸ்டர் ஆய்வுச் செயற்கைக்கோள்களும் அழிந்தன. கணிதவியலறிஞர் ஷாக் லூயி லியோன்ஸ் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு ஜூலை 19இல் அறிக்கை அளித்தது. ராக்கெட்டின் மென்பொருளிலிருந்த ஒரு பிழையையும், செய்யாமல் விட்ட ஒரு சோதனையையும் அது காரணமாகக் காட்டிற்று.

மென்பொருளைச் சோதிப்போர் இரண்டு ஏடுகளை எழுதுவர். முதலாவது சோதனைத் திட்டம். எதைச் சோதிப்பது, என்ன உள்ளீடு தருவது, என்ன விடை வந்தால் 'தேறியது' என்பது ஆகியவற்றைச் சோதனைக்கு முன்பே அது வரையறுக்கிறது. இரண்டாவது சோதனை அறிக்கை. திட்டத்தின் ஒவ்வொரு வரிக்கும் நேராக, உண்மையில் வந்த விடையும், தேறியதா தவறியதா என்ற தீர்ப்பும் அதில் பதிவாகும். விடையைப் பார்த்துவிட்டு எதிர்பார்ப்பை எழுதக் கூடாது. (ஆய்வகத்தில் 'g'யின் மதிப்பை 9.8 என்று முதலில் எழுதிவிட்டு, ஊசலின் அளவீடுகளைப் பிறகு நிரப்பும் மாணவர்களை நாம் அறிவோம்!)

அமெரிக்காவின் மின், மின்னணுப் பொறியாளர் கழகம் இந்த ஏடுகளின் அமைப்பை 1983இல் 829 என்ற எண்ணுடைய தரமுறையாக வகுத்தது. 'சோதிக்கப்படாதவை எவை, ஏன்?' என்ற பகுதியும் திட்டத்தில் இடம் பெற வேண்டும் என்று அது விதித்தது. ஏரியனின் கதைக்கு மிக நெருங்கிய பகுதி இதுவே என்பது என் கருத்து.

ராக்கெட்டின் திசையையும் நகர்வையும் அளந்து, செலுத்தும் கணிப்பொறிக்கு அறிவிக்கும் கருவி ஒன்று உண்டு. அதை நிலைமக் கருவி என்போம். ஏரியன் 5இல் ஒன்று பழுதானால் மற்றொன்று என இரண்டு இருந்தன. இரண்டிலும் ஒரே மென்பொருள். அதுவும் முந்தைய ஏரியன் 4இலிருந்து எடுத்தது. கிடைத்திசை வேகத்தைச் சார்ந்த ஓர் எண்ணை அது 64 பிட் தசம வடிவிலிருந்து 16 பிட் முழு எண்ணாக மாற்றியது. 16 பிட்டில் அடங்கும் மிகப் பெரிய எண் 32,767. ஏரியன் 4இன் பாதையில் அவ்வெண் இவ்வெல்லையைத் தாண்டுவதில்லை. ஏரியன் 5 தொடக்கத்திலேயே கிடைத்திசையில் மிக வேகமாகச் செல்வது. ஆகவே எல்லை மீறியது. மாற்று ஏற்பாடாக இருந்த கருவி முதலில் நின்றது. 72 மில்லிவிநாடி கழித்து முதன்மைக் கருவியும் நின்றது. அது அனுப்பிய பழுதுக் குறிப்பைக் கணிப்பொறி பறக்கும் அளவீடு என்றெண்ணி, எஞ்சின் குழல்களை முழுக்கத் திருப்பிவிட்டது. இத்தனைக்கும், அந்தக் கணக்கீடு ஏரியன் 5 கிளம்பிய பிறகு எதற்கும் பயன்படாத ஒன்று!

இதைத் தரையிலேயே கண்டிருக்க முடியாதா? முழு ராக்கெட்டையும் பறப்பது போல் நடித்துக் காட்டும் சோதனைச் சாலை இருந்தது. ஆனால் அங்கே உண்மையான நிலைமக் கருவிக்குப் பதிலாக அதன் போலி மாதிரியே இணைக்கப்பட்டது. கருவி தனியே சோதிக்கப்பட்டுத் தகுதி பெற்றுவிட்டது என்பது ஒரு காரணம். தேவையான துல்லியத்துடன் செயற்கைக் குறிகைகளை அதற்கு ஊட்டுவது கடினம் என்பது மற்றொன்று. தனிக் கருவியின் சோதனையிலோ, ஏரியன் 5இன் பாதை இடம்பெறவில்லை. கருவிக்கான தேவைக் குறிப்பிலேயே அப்பாதை சேர்க்கப்படவில்லை. கேள்வித்தாளில் இல்லாத கேள்விக்கு மதிப்பெண் ஏது? ஏட்டில் 'தவறியது' என்ற சொல்லுக்கு இடமே ஏற்படவில்லை.

விடுபட்ட வரியை நாம் இப்படி எழுதலாம். சோதிக்கும் பொருள்: நிலைமக் கருவி, உண்மையான மென்பொருளுடன். உள்ளீடு: சுழல்மேடையில் திருப்பி, முடுக்கமானிக்குரிய செயற்கைக் குறிகைகளால் ஊட்டப்படும் ஏரியன் 5 பாதை. எதிர்பார்ப்பு: பறக்கும் காலம் முழுவதும் இடைவிடாத சரியான அளவீடு. அறிக்கையில் இதற்கு நேராக வந்திருக்கக்கூடிய பதிவு: '40 விநாடிக்குள் எண் எல்லை மீறல், கருவி நின்றது, தவறியது.' இது வெறும் ஊகமன்று. விபத்திற்குப் பின் அதே மென்பொருளுக்கு உண்மைப் பாதையை ஊட்டியபோது, நடந்தவை அனைத்தும் அப்படியே மீண்டும் நிகழ்ந்தன.

இயன்றவரை உண்மைக் கருவிகளையே இணைத்து, உண்மைக்கு ஒத்த உள்ளீடு தந்து, ஒவ்வொரு பயணத்திற்கும் முன்பு முழுச் சோதனை நடத்த வேண்டும் என்று குழு பரிந்துரைத்தது. அடுத்த ஏரியன் 5, 1997 அக்டோபர் 30இல் கிளம்பியது. இம்முறை நிலைமக் கருவி தொல்லை தரவில்லை. ஆனால் ராக்கெட் தன் அச்சில் எதிர்பாராத அளவு சுழன்றதால் முதன்மை எஞ்சின் முன்கூட்டியே அணைந்தது. சுமந்து சென்றவை திட்டமிட்டதைவிடத் தாழ்ந்த சுற்றுப்பாதையிலேயே விடப்பட்டன.