கோடு விழும் இடம்: 'கில்டி கியர் எக்ஸர்ட்' முகங்களும் திருத்தப்பட்ட நார்மல்களும்

2015 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டில், ஆர்க் சிஸ்டம் வொர்க்ஸ் நிறுவனத்தின் கலைஞர் ஜூன்யா கிறிஸ்டோபர் மோட்டோமுரா ஓர் உரை நிகழ்த்தினார். அதற்கு முந்தைய ஆண்டு ஜப்பானிய ஆர்க்கேடுகளில் வெளிவந்த 'கில்டி கியர் எக்ஸர்ட்' சண்டை விளையாட்டைப் பார்த்தவர்களில் பலர், அதன் பாத்திரங்கள் கையால் வரையப்பட்டவை என்றே நம்பினார்கள். கேமரா சுழன்றபோதுதான் அவை முப்பரிமாண உருவங்கள் என்பது தெரிந்தது. அந்த ஏமாற்று எப்படி நிகழ்ந்தது என்பதை உரை விளக்கியது.

டூன் ஷேடிங் பற்றி எழுதுவோர் இன்றும் அந்த உரையை எடுத்துக்காட்டுகிறார்கள். ஆனால் அதைப் படிக்கும் விதத்தில் ஒரு பழக்கம் ஊறியிருக்கிறது. கைவரைவுத் தோற்றம் என்பது ஒளியைப் படிகளாக வெட்டும் கணக்கிலிருந்து பிறக்கிறது, மற்றவை அந்தக் கணக்கு விட்டுச்செல்லும் பிசிறுகளைச் சீர்செய்யும் வேலைகள் என்பதே அந்த வாசிப்பு. இதன்படி, மோட்டோமுராவின் குழு நார்மல்களைக் கையால் திருத்தியதும் ஒரு பழுதுபார்ப்புதான். இக்கட்டுரை அதை மறுக்கிறது. அந்த விளையாட்டில் ஓவியரின் கை இருந்த இடம் திருத்தப்பட்ட நார்மல்களே. வெட்டும் கணக்கு அந்தக் கை வரைந்ததைத் திரையில் காட்டும் கருவி மட்டுமே.

கணக்கு எவ்வளவு சிறியது என்பதைப் பார்த்துவிடுவது நல்லது.

```
float d   = dot(N, L);
float lit = step(threshold, d);
color     = lerp(base * shadeTint, base, lit);
```

`N` என்பது பரப்பு நோக்கும் திசை, அதாவது நார்மல். `L` ஒளியின் திசை. இரண்டுக்கும் இடையிலான கோணம் ஒரு வரம்பைத் தாண்டினால் அந்தப் புள்ளி நிழல், தாண்டாவிட்டால் வெளிச்சம். நிழலின் நிறம் கறுப்பு கலந்து வருவதில்லை. தோலுக்கு ஒன்று, துணிக்கு ஒன்று என ஓவியர் தனி டெக்ஸ்சரில் தீட்டிய நிறத்தால் அடிப்படை நிறம் பெருக்கப்படுகிறது. கணக்கு இவ்வளவுதான். 2000-இல் வெளிவந்த 'ஜெட் செட் ரேடியோ' காலத்திலிருந்தே இதன் உறவுமுறைகள் புழக்கத்தில் உள்ளன. ஒரே கணக்கைப் பயன்படுத்திய நூறு விளையாட்டுகளில் தொண்ணூற்றொன்பது ஏன் பிளாஸ்டிக் பொம்மை போலத் தெரிந்தன என்ற கேள்விக்கு, கணக்குக்குள் மட்டும் தேடினால் விடை கிடைக்காது.

விடை முகத்தில் இருக்கிறது. ஒரு கன்னத்தை எடுத்துக்கொள்வோம். அதன் ஒரு முனையில் நார்மல் 2 பாகை பிசகியிருக்கிறது. வழக்கமான மென்நிழலில் அந்த இடத்தின் ஒளிர்வு அதிகம் போனால் மூன்றரை விழுக்காடு மாறும். யார் கண்ணிலும் படாது. படி நிழலில் நடப்பது வேறு. இங்கே ஒளிர்வு மாறுவதில்லை, நிழலின் விளிம்பு இடம்பெயர்கிறது. அது எவ்வளவு நகரும் என்பது பரப்பின் வளைவைப் பொறுத்தது: வளைவின் ஆரத்தைக் கோணப் பிசகால் பெருக்கினால் போதும். ஆரம் 10 சென்டிமீட்டர் என்றால் 2 பாகைக்கு விளிம்பு 3.5 மில்லிமீட்டர் நகரும். கன்னம் சற்றுத் தட்டையாகி ஆரம் 40 சென்டிமீட்டர் ஆனால் நகர்வு 14 மில்லிமீட்டர். அனிமே முகங்களின் கன்னமும் நெற்றியும் பெரும்பாலும் தட்டையானவை. ஆகவே எங்கே பரப்பு அமைதியாக இருக்கிறதோ அங்கேதான் நிழற்கோடு கோணலாக ஓடுகிறது, முக்கோணங்களின் மூலைவிட்டங்களில் பல் பல்லாக முறிகிறது.

இதுவரை பழைய வாசிப்புக்கும் மறுப்பு இருக்காது. பிசகு பெரிதாகிறது, ஆகவே திருத்துகிறார்கள் என்று அது சொல்லும். அந்த விளக்கம் சரியா என்பதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. நார்மல் திருத்தம் வெறும் பழுதுபார்ப்பு என்றால், பாலிகன்களை நான்கு மடங்காகப் பெருக்கி, பரப்பைக் குறையின்றி வழவழப்பாக்கினால் திருத்தத்தின் தேவை மறைய வேண்டும். அப்படி மறைவதில்லை. குறையற்ற பரப்பில் படி நிழலைப் போட்டால் கண்குழியில் ஒரு நிழல் திட்டு, மூக்கின் இரு பக்கமும் இரண்டு, வாயோரத்தில் ஒன்று, மோவாய்ப் பள்ளத்தில் ஒன்று எனத் தீவுகள் முளைக்கும். அவை ஒவ்வொன்றும் ஒளியியல்படி சரியானவை. ஆனால் அப்படிப்பட்ட முகத்தை எந்த அனிமேட்டரும் வரைவதில்லை. மூக்கின் கீழ் சிறு முக்கோணம், கன்னத்தின் ஓரமாக இறங்கும் ஒரே வளைவு, மோவாய்க்குக் கீழே கழுத்தில் ஒரு பட்டை: அவ்வளவோடு அவர் நிறுத்திக்கொள்வார். எதை வரையக் கூடாது என்ற தேர்வு அந்த முகத்தில் இருக்கிறது.

மோட்டோமுரா விவரித்த திருத்தங்கள் இந்தத் தேர்வின் பக்கமே நிற்கின்றன. நார்மல்கள் பரப்பின் உண்மை வடிவை இன்னும் துல்லியமாகச் சொல்லும்படி மாற்றப்படவில்லை. அதற்கு நேர்மாறாக, பரப்பைப் பற்றிப் பொய் சொல்லும்படி மாற்றப்பட்டன. கன்னத்தின் மேடுபள்ளம் உருவத்தில் இருக்கும். நார்மல்கள் அங்கே ஒரு எளிய வளைபரப்பு இருப்பதாகச் சாதிக்கும். ஒளி அந்தப் பொய்யை நம்பி ஒரே சுத்தமான கோட்டை இடும். பழுதுபார்ப்பு என்பது உண்மையை நோக்கித் திரும்புவது. உண்மையிலிருந்து திட்டமிட்டு விலகும் வேலையை அப்பெயரால் அழைப்பது பொருந்தாது.

உரையின் இன்னொரு பகுதி இந்த வாசிப்புக்கு மேலும் வலுச் சேர்க்கிறது. உருவத்தின் ஒவ்வொரு முனையிலும் ஒரு நிறத்தை நான்கு எண்களாகப் பதிந்துவைக்கலாம். 'எக்ஸர்ட்' அந்த நான்கு எண்களையும் நிறத்துக்காகப் பயன்படுத்தவில்லை. ஒன்று நிழல் வரம்பைக் கூட்டிக் குறைக்கிறது: கழுத்து போன்ற இடங்கள் ஒளி எங்கிருந்து வந்தாலும் எளிதில் நிழலுக்குள் சாயும்படி ஓவியர் முன்கூட்டியே முடிவுசெய்யலாம். மற்ற மூன்றும் புறக்கோட்டுக்கு. ஒளியும் அப்படியே. மேடை முழுவதற்கும் பொதுவான விளக்கு என்பது கிடையாது; ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனி ஒளித்திசை உண்டு, அதை ஒவ்வொரு தோரணைக்கும் ஏற்ப அனிமேட்டர் திருப்பிவைக்கிறார். தோரணைகளுக்கு இடையில் கணினி இட்டு நிரப்பும் நகர்வும் நீக்கப்பட்டது. நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் திரையில் ஒரு தோரணை சில சட்டங்கள் வரை அசையாமல் நின்று, பிறகு சட்டென்று அடுத்ததற்குத் தாவும். நிழற்கோடும் அதனுடன் நின்று, அதனுடன் தாவும். வழவழப்பான அசைவில் நிழல் தோல்மீது ஊர்ந்து நகர்வதுதான் முப்பரிமாணத்தைக் காட்டிக்கொடுக்கும் முதல் அறிகுறி. இங்கே ஊர்வதற்கு இடைவெளியே இல்லை.

புறக்கோடு பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம்; அங்கே கருத்து வேறுபாடு குறைவு. உருவத்தின் நகல் ஒன்றைச் சற்றே உப்பவைத்து, அதன் முகங்களை உள்வெளியாகப் புரட்டி, கறுப்பு நிறம் தந்தால், உருவத்தின் விளிம்பைத் தாண்டித் தெரியும் பகுதி கோடாகிறது. ஆழ வேறுபாட்டைத் திரையில் தேடிக் கோடிடும் முறையைவிட இது பழையது போலத் தோன்றலாம். ஆனால் முனைதோறும் கோட்டின் தடிமனை இங்கே குறித்துவைக்க முடிகிறது: மோவாயில் தடித்து, காதோரம் மெலிந்து மறையும் பேனாக்கோடு அப்படித்தான் வருகிறது.

இந்த இடத்தில் பொய் நார்மலுக்கு ஒரு விலை இருப்பதும் தெரிகிறது. நகலை உப்பவைக்கும் திசையும் வழக்கமாக நார்மலே. நிழலுக்காகச் சாய்க்கப்பட்ட நார்மலின் வழியே நகல் உப்பினால் கோடு ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் தேயும். கூர்மடிப்பில் நார்மல்கள் இரண்டாகப் பிரிந்திருந்தால் கோட்டில் கீறல் விழும். ஆகவே நிழலுக்கு ஒரு நார்மல், கோட்டுக்காகச் சராசரியெடுத்த இன்னொரு திசை என இரண்டைத் தனித்தனியே சேமிப்பது இத்துறையில் இன்று பரவலான வழக்கம். ஒரே முனைக்கு இரண்டு திசைகள் வேண்டியிருக்கின்றன என்றால், முதலாவது பரப்பின் பண்பாக இருப்பதை எப்போதோ விட்டுவிட்டது என்றுதான் பொருள்.

எதிர்ப்புகள் சில எழும். சண்டை விளையாட்டில் கேமரா பக்கவாட்டில் நிற்பதால்தான் இது கைகூடியது என்பது ஒன்று. இதில் உண்மை இருக்கிறது. நார்மலுக்குப் பார்வையாளர் எங்கே நிற்கிறார் என்பது தெரியாது. முன்முகத்துக்கும் பக்கமுகத்துக்கும் ஓவியர் வெவ்வேறு நிழல் வரைவார். 'எக்ஸர்ட்' கேமராவைச் சுழற்றும் காட்சிகளில் ஒளித்திசையையும் முக வடிவையும் அந்தக் கோணத்துக்கென மாற்றிச் சமாளித்தது. பார்வையாளர் தம் விருப்பம்போலச் சுற்றிவரும் விளையாட்டில் இந்த வழி முழுமையாகச் செல்லாது. ஆனால் இந்த வரம்பு பழைய வாசிப்புக்கு உதவாது. கணக்கே தோற்றத்தைத் தருகிறது என்றால் அது எல்லாக் கோணத்திலும் தந்திருக்க வேண்டும்.

கைவேலை தேவையில்லை, பின்னால் வந்த முறைகள் தானாகவே செய்துவிடுகின்றன என்பது இன்னொரு எதிர்ப்பு. இதற்கு அதிக இடம் தேவையில்லை. பின்னர் அனிமே பாணி விளையாட்டுகளில் பரவிய முகநிழல் வரைபடத்தில், ஒளி எந்தக் கோணத்துக்கு வரும்போது எந்தப் புள்ளி நிழலாக வேண்டும் என்பதை ஓவியர் சில நிலைகளாக வரைகிறார். இடைநிலைகளை மட்டுமே கணினி நிரப்புகிறது. முகத்தில் நார்மல் முற்றிலும் கைவிடப்பட்டு, ஓவியரின் வரைவே நேரடியாக அதன் இடத்துக்கு வந்திருக்கிறது.

வேறு பாணிகளுக்கும் இது பொருந்துமா என்பதை இந்த ஒரு விளையாட்டை வைத்து முடிவுசெய்ய முடியாது. தீற்றல் தெரியும் ஓவியப் பாணிகளில் டெக்ஸ்சரின் பங்கு பெரிது. இரண்டே நிறத்தில் முகம் காட்டும் ஜப்பானிய அனிமே மரபுக்குள் மட்டும், எது தோற்றத்தைச் சுமக்கிறது என்பதை இப்படிச் சோதித்துப் பார்க்கலாம். கையால் நார்மல் திருத்திய ஒரு முகத்தை யூனிட்டியில் இரண்டு முறை இறக்குமதி செய்ய வேண்டும். முதல் முறை `Normals: Import` என்று வைத்து, ஷேடரை மட்டும் மாற்றி எழுத வேண்டும்: வரம்பைச் சற்றுத் தள்ளலாம், விளிம்பைக் கொஞ்சம் மென்மையாக்கலாம், நிழல் நிறத்தை மாற்றலாம். முகம் வேறொரு நாளின் வெளிச்சத்தில் நிற்கும், ஆனால் அதே ஓவியரின் முகமாகவே இருக்கும். இரண்டாம் முறை ஷேடரைத் தொடாமல் `Normals: Calculate` என்று மாற்ற வேண்டும். மென்பொருள் உண்மையான பரப்பிலிருந்து நார்மல்களைப் புதிதாகக் கணக்கிடும். மூக்கின் இரு பக்கமும் வாயோரத்திலும் தீவுகள் திரும்பிவரும்.