12 முதல் 16 வரை: ஒரு வரியின் பயணம்

மெடிக்கல் லேப் டெக்னாலஜி படிக்கும் யாருடைய ஹீமட்டாலஜி நோட்டைத் திறந்தாலும் ஒரு வரி இருக்கும். ஹீமோகுளோபின்: ஆண் 14–18, பெண் 12–16, டெசிலிட்டருக்கு கிராம். ஆசிரியர் தந்த ஹேண்ட்அவுட்டிலிருந்து மாணவி நோட்டுக்கு, நோட்டிலிருந்து ஜெராக்ஸுக்கு, ஜெராக்ஸிலிருந்து அடுத்த ஆண்டு மாணவிக்கு என்று அது கைமாறுகிறது. நெய்வேலிச் சுரங்கத்தை ஒட்டிய வடக்குத்தில் படித்துவிட்டு லேபில் வேலைக்குச் சேரும் பெண்ணும் ரிப்போர்ட் ஃபாரத்தின் வலது ஓரத்தில் அதையே அச்சடித்திருப்பதைப் பார்க்கிறாள். அந்த எண்கள் எங்கிருந்து கிளம்பி வந்தன என்பதை நோட்டில் யாரும் எழுதுவதில்லை.

அவற்றின் பயணம் நிறத்தில் தொடங்கியது. 1878இல் லண்டனில் வில்லியம் கவர்ஸ், கிளிசரின் ஜெல்லியில் சிவப்புச் சாயம் கலந்து ஒரு குழாயில் அடைத்து, நீர் விட்டு நீர்த்த ரத்தத்தை அதன் அருகில் வைத்து ஒப்பிட்டார். பின்னர் பெர்ன் நகரத்து மருத்துவர் ஹெர்மன் சாலி இதை மாற்றியமைத்தார். ரத்தத்தை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் விட்டால் அது பழுப்பு நிற ஆசிட் ஹீமட்டினாகிவிடும். அந்தப் பழுப்புக்கு நிலையான கண்ணாடித் துண்டு ஒன்றை ஒப்பீட்டுக்கு வைக்கலாம். நம் ஊர்ப் பிராக்டிகலில் இன்றும் பழக்கும் சாலி முறை அதுதான். குழாயில் டெசிநார்மல் அமிலம், அதில் 20 கன மில்லிமீட்டர் ரத்தம், பத்து நிமிடக் காத்திருப்பு, பிறகு நிறம் ஒத்துவரும் வரை சொட்டுச் சொட்டாய் நீர். பத்து நிமிடத்தில் நிறம் முழுவதும் மாறிவிடுவதில்லை. ஆனாலும் நோட்டில் அந்தப் பத்துதான் இருக்கிறது. அவசரத்தில் ஐந்து நிமிடத்தில் படிப்பவருக்கு எண் குறைவாகவே வரும்.

அப்போது அளவு கிராமில் இல்லை, சதவீதத்தில் இருந்தது. எதற்கு 100 சதவீதம் என்பதில்தான் சிக்கல். 1901இல் இங்கிலாந்தில் ஜான் ஹால்டேன் தம் கருவியை ஆக்சிஜனை வைத்து அளவிட்டார். 100 மில்லிலிட்டர் ரத்தம் 18.5 மில்லிலிட்டர் ஆக்சிஜனைப் பிடித்தால் அது 100. ஒரு கிராம் ஹீமோகுளோபின் சுமார் 1.34 மில்லிலிட்டர் ஆக்சிஜனைப் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டு வகுத்துப் பார்த்தால் 13.8 கிராம் வரும். மற்ற சில கருவிகளில் 100 சதவீதம் 17 கிராமுக்கு மேல் இருந்தது. அதாவது '80 சதவீதம்' என்று ஒரு சீட்டில் எழுதியிருந்தால், எந்தக் கருவி என்று தெரியாமல் அந்த நோயாளிக்கு 11 கிராமா 14 கிராமா என்று சொல்ல வழியில்லை. கிராமுக்கு மாறியது மிக நல்ல காரியம். 1960களில் சர்வதேசக் குழு சயன்மெத்ஹீமோகுளோபின் முறையைப் பொது அளவுகோலாக ஏற்றது. 20 மைக்ரோலிட்டர் ரத்தத்தை 5 மில்லிலிட்டர் டிராப்கின் கரைசலில் கலந்து 540 நானோமீட்டரில் படிப்பது. உலகெங்கும் ஒரே கிராம் என்ற நிலை அதனால்தான் வந்தது.

இனி நம் வரிக்கு வருவோம். 14–18, 12–16 என்பதை 16±2, 14±2 என்று எழுதிப் பார்த்தால் மேக்ஸ்வெல் விண்ட்ரோபின் முகம் தெரியும். அவரது 'கிளினிக்கல் ஹீமட்டாலஜி' 1942இல் வந்தது. 1920களின் இறுதியில் நியூ ஆர்லியன்ஸில் இருந்தபோது, வெப்பமண்டலத்தை ஒட்டிய ஊரில் வாழும் ஆரோக்கியமான இளையோரின் ரத்தத்தை அவர் அளந்திருந்தார். இன்னொரு குடும்பம் லண்டனைச் சேர்ந்தது. ஜான் டேசியின் 'பிராக்டிகல் ஹீமட்டாலஜி' வழியில் பழைய பதிப்புகளில் ஆணுக்கு 15.5±2.5, பெண்ணுக்கு 14±2.5. பெண்ணுக்கு 11.5 முதல் 16.5 என்று எழுதும் நோட்டுகள் அந்த வழி வந்தவை. பின்னாளில் அதே புத்தகத்தில் பெண்ணுக்கு 13.5±1.5, அதாவது 12 முதல் 15. உங்கள் கையெழுத்து நோட்டில் எந்த எண் இருக்கிறதோ, அதன் மூதாதையை இப்படி ஊகிக்கலாம்.

இவற்றோடு மூன்றாவதாக ஒரு சொந்தக்காரர் கலந்துவிட்டார். உலக சுகாதார நிறுவனம் 1968இல் ரத்தசோகைக்கு ஒரு கோடு கிழித்தது: ஆண் 13, கர்ப்பமில்லாத பெண் 12, கர்ப்பிணி 11. அது இதற்குக் கீழே போனால் ரத்தசோகை என்று எண்ணிக் கொள்ளும் கோடு. ரெஃபரன்ஸ் ரேஞ்ச் வேறு. 1969இல் ஃபின்லாந்தின் கிரேஸ்பெக்கும் சாரிஸும் 'நார்மல்' என்ற பேச்சை விட்டு 'ரெஃபரன்ஸ்' மதிப்புகள் என்று சொல்ல வேண்டும் என்றார்கள். ஆரோக்கியமானவர்கள் குறைந்தது 120 பேரை அளந்து, கீழே இரண்டரை சதவீதத்தையும் மேலே இரண்டரை சதவீதத்தையும் வெட்டி, நடுவில் கிடைக்கும் 95 சதவீதமே ரேஞ்ச். ஆகவே ஆரோக்கியமான நூறு பேரில் ஐந்து பேர் வெளியே நிற்பார்கள். ஹேண்ட்அவுட்டில் இந்த இரு எண்களும் ஒரே பத்தியில் ஒட்டிக்கொண்டு, 12 என்பது இரண்டுக்கும் பொதுவாகத் தோன்றுகிறது.

இந்தியப் பிள்ளைகளுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் கோடு பொருந்துகிறதா என்று 2021இல் 'லான்செட் குளோபல் ஹெல்த்'தில் ஹர்ஷ்பால் சச்தேவும் அனுரா குர்பாடும் இணைந்த குழு கேட்டது. தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில் இரும்பு, ஃபோலேட், பி12 குறைவில்லாத, அழற்சி இல்லாத பிள்ளைகளை மட்டும் பிரித்து அளந்தார்கள். அவர்கள் கண்ட கீழ் எல்லை பெரும்பாலான வயதுகளில் உலகக் கோட்டைவிடத் தாழ்வாக இருந்தது. அதை வைத்துப் பார்த்தால் ரத்தசோகைக் கணக்கு 30 சதவீதத்திலிருந்து சுமார் 11ஆகக் குறைகிறது. உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட புதிய வழிகாட்டியில் பெரியவர்களுக்கு 13, 12 அப்படியே நின்றன. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கும் கர்ப்பத்தின் இரண்டாம் மூன்று மாதத்துக்கும் மட்டும் 10.5 ஆயிற்று.

அதே நோட்டின் ரத்த வகைப் பக்கத்தில் இந்தத் தொல்லை இல்லை. ஆன்டி-ஏ, ஆன்டி-பி சொட்டில் செல்கள் திரள்கின்றன அல்லது திரளவில்லை. அங்கும் ஒரு பழைய வரி ஏமாற்றும்: இரண்டிலும் திரளாவிட்டால் 'ஓ'. 1952இல் பம்பாயில் பெண்டே குழுவினர் அறிவித்த வகையைச் சேர்ந்தவரும் அப்படித்தான் தெரிவார். அவருடைய சீரத்தை ஓ செல்களோடு சேர்த்து அந்தச் செல்கள் திரள்வதைப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும். ரிவர்ஸ் குரூப்பிங்கை விட்டுவிடும் ஹேண்ட்அவுட் இதைச் சொல்லாது.

ஹீமோகுளோபினுக்கு ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். இருபது வயதுப் பெண். மதிப்பு 11.6. விண்ட்ரோப் வரியின்படி குறைவு. 11.5–16.5 நோட்டின்படி நார்மல். உலகக் கோட்டின்படி லேசான ரத்தசோகை. முதலில் மாதிரியைச் சந்தேகிக்க வேண்டும். ஈ.டி.டி.ஏ. குழாயை எட்டுப் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்துக் கலக்காமல் எடுத்தால், செல்கள் அடியில் படிந்து எண் மாறிவிடும். விரல் நுனியை அழுத்திப் பிழிந்தால் திசுநீர் சேர்ந்து குறையும். படுத்திருந்தவரைவிட நின்று நடந்து வந்தவருக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும். மாதிரி சரி என்றால் மற்ற எண்களைப் பார்க்கலாம். பி.சி.வி. 36, சிவப்பணு 4.9 மில்லியன். ஹீமோகுளோபினை மூன்றால் பெருக்கினால் 34.8 வருகிறது, 36க்குப் பக்கம்தான். கருவி பொய் சொல்லவில்லை. 36ஐப் பத்தால் பெருக்கி 4.9ஆல் வகுத்தால் எம்.சி.வி. 73.5. எண்பதுக்குக் கீழே, செல் சிறியது. ஃபெரிட்டின் 9 என்று வந்தால், அழற்சி இல்லாத பெரியவருக்கு 15க்குக் கீழ் இரும்புச் சேமிப்பு தீர்ந்துவிட்டது என்று பொருள். போன ஆண்டு ரிப்போர்ட்டில் இவருக்கு 13.2 இருந்திருந்தால், இந்த 11.6 எந்தப் புத்தகத்தின் ரேஞ்சுக்குள் வந்தாலும் அவருடைய சொந்த அளவிலிருந்து ஒன்றரை கிராமுக்கு மேல் இறங்கியிருக்கிறது.

ஆகவே நோட்டில் அந்த வரியை நகலெடுக்கும்போது மூன்று குறிப்பும் சேர்த்து எழுதுங்கள்: எந்தப் புத்தகம், எந்த முறை, எந்த வயதினர். வேலைக்குச் சேர்ந்த லேபில் ஃபாரத்தின் ஓரத்தில் உள்ள எண் உங்கள் நோட்டோடு ஒத்துப்போகாவிட்டால், நோட்டில் உள்ளதை அல்ல, அந்த லேபின் கருவிக்கும் முறைக்கும் உரிய எண்ணைத்தான் ரிப்போர்ட்டில் போட வேண்டும்.