நடவடிக்கைக் குறிப்பு: அடுக்ககச் சங்கக் கூட்டங்களில்

அடுக்குமாடிக் குடியிருப்பின் உரிமையாளர்கள் சங்கமாகக் கூடிச் செய்த முடிவுகளையும், அவற்றை நிறைவேற்றும் பொறுப்பை ஏற்றவர் இன்னார் என்பதையும், அதற்குரிய தவணையையும் காரியதரிசி எழுதிவைக்கும் பதிவே நடவடிக்கைக் குறிப்பு. பேச்சுவழக்கில் இதனை மினிட்ஸ் என்பர். தமிழ்நாட்டில் இத்தகைய சங்கங்கள் பல 1975ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றவை. கூட்டம் நடந்த தேதி, இடம், வந்திருந்தோர் கையொப்பம், குறைவெண் நிறைந்த விவரம் ஆகியவை தொடக்கத்திலேயே இடம்பெறும்.

குறிப்பின் குணதோஷம் வெளிப்படுவது தீர்மானத்தின் வாசகத்தில்தான். இரவில் மோட்டாரை நிறுத்தி, ஒருவரும் தண்ணீர் எடுக்காதிருந்தும், விடியற்காலையில் சம்ப்பின் நீர்மட்டம் இறங்கியிருக்கிறது என்று புகார் வருவதாகக் கொள்வோம். ‘சம்ப் கசிவு பற்றி விவாதிக்கப்பட்டது, விரைவில் ஆவன செய்யப்படும்’ என்று எழுதினால், செய்பவர் எவர், எப்போது, எவ்வளவு செலவில் என்ற மூன்றும் மறைந்துபோக, அடுத்த கூட்டத்திலும் அதே விவாதம் தொடக்கத்திலிருந்து நடைபெறும். அதற்குப் பதிலாக, ‘சம்ப்பின் கசிவைச் சரிசெய்யச் சங்கம் முடிவு செய்தது, இரண்டாம் மாடி உறுப்பினர் (பெயர்) மூன்று ஒப்பந்தக்காரர்களிடம் விலைப்புள்ளி பெற்று ஜூன் 10க்குள் காரியதரிசியிடம் தருவார், ரூ. 40,000க்கு மேற்படாவிடில் பொருளாளர் அனுமதியுடன் ஜூன் 30க்குள் வேலையை முடிப்பார். மேற்படின் செயற்குழு கூடும்’ என்று எழுதவேண்டும். வேலைக்குப் பின் இரு இரவுகள் நீர்மட்டம் இறங்காதிருப்பதே பூர்த்திக்கு அடையாளம் என்று ஒரு வரி சேர்ப்பின், பூச்சு வேலை ஆனதையே முடிவாகக் கருதிப் பணம் கொடுத்துவிடும் தவறு நேராது.

பொறுப்பைக் ‘குழு’ என்று பொதுவாக எழுதாமல் ஒருவர் பெயரிலேயே எழுதுதல் உசிதம். உதவி செய்பவர் எத்தனை பேராயினும், கேள்விக்கு விடையளிப்பவர் ஒருவராக இருக்கவேண்டும். கூட்டத்திற்கு வராதவர் தலையில் காரியத்தைச் சுமத்தி எழுதுவது மிகச் சாதாரணமாகக் காணப்படும் பிழை. அவருடைய சம்மதம் கிடைக்கும்வரை அந்தப் பெயர் தற்காலிகமானது என்றும், சம்மதம் கேட்பவர் எவர் என்றும் குறித்தால் போதுமானது.

ஒவ்வொரு தீர்மானத்தையும், அடுத்த விஷயத்திற்குப் போகுமுன், காரியதரிசி உரக்க வாசித்துக்காட்டுவது நலம். பொறுப்பேற்றவர் ‘பத்தாம் தேதி இயலாது, பதினைந்து ஆகட்டும்’ என்று சொல்லக்கூடிய இடம் அதுவே. பிறகு எழும் ‘நான் அப்படி ஒப்புக்கொள்ளவில்லை’ என்னும் ஆட்சேபத்தில் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடும். யார் எந்த அபிப்பிராயம் சொன்னார் என்ற விவரம் வேண்டுவதில்லை. எதிர்த்து வாக்களித்தவர் தம் மறுப்பைப் பதியக் கோரினால் மட்டும் அதனைச் சேர்க்கலாம்.

அடுத்த கூட்டத்தில் இக்குறிப்பு வாசிக்கப்பட்டு உறுதி பெறும்போது பிழை தென்பட்டால், பழைய பக்கத்தை அடித்துத் திருத்தாமல், திருத்தத்தை அன்றைய நடவடிக்கையாகவே எழுதித் தலைவர் கையொப்பமிடுவார்; தவணை கடந்தும் முடியாத காரியங்கள் புதிய தேதியோடு அதே பெயரில் மறுபடி பதியப்படும்.