'சப்பாத்து குத்துது' என்று பிள்ளை அழுதால்

பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் சப்பாத்தைக் கழற்றி எறியும் பிள்ளையை, அடம் பிடிப்பதாக நினைத்துப் பெற்றோர் அதட்டுவதுண்டு. ஆனால், தொடுஉணர்வு மிகுந்த சில பிள்ளைகளுக்கு, மற்றவர் கவனிக்காத சிறு தையல்கூட சப்பாத்துக்குள் கல் கிடப்பதுபோல் உறுத்தும். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் இது அதிகம். அப்படி எந்தக் குறைபாடும் இல்லாத பிள்ளைகளிடமும் இதைக் காணலாம்.

முதலாம் ஆண்டில் சேரப்போகும் ஒரு சிறுவனை எடுத்துக்கொள்வோம். வீட்டில் சிலிப்பர் மட்டுமே போட்டுப் பழகியவன். அரசாங்கப் பள்ளிகளில் 2021 முதல் கறுப்புச் சப்பாத்து கட்டாயம் என்பதால் நிறத்தில் தேர்வுக்கு இடமில்லை. உட்புறத்தில்தான் தேர்வு செய்ய வேண்டும்.

கடையில் அம்மா தம் கையில் மெல்லிய நைலான் காலுறையை மாட்டிக்கொண்டு, சப்பாத்துக்குள் விரல்முனை வரை தடவிப் பார்க்கலாம். நைலான் எங்கே சிக்குகிறதோ, அங்கேதான் பிள்ளையின் காலும் உரசும். பெரும்பாலும் சுண்டுவிரலுக்கு மேலே துணி மடங்கும் இடத்திலும், நாக்குப் பட்டையைத் தைத்திருக்கும் ஓரத்திலும் சிக்கும். அடுத்து, பிள்ளையையே கைவிட்டுத் தடவச் சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாத பிள்ளை கையை வெடுக்கென இழுத்துக்கொண்டால் அதுவே பதில்.

நாக்குப் பட்டையில் தைத்த லேபலைக் கத்தரிக்கோலால் வெட்டினால், எஞ்சும் முனை முன்பைவிட அதிகமாகக் குத்தும். தையலைப் பிரித்து முழுவதையும் எடுத்துவிடுவதே நல்லது. காலுறையின் விரல்முனைத் தையலும் இதே தொல்லையைத் தரும். காலுறையை உள்வெளியாகத் திருப்பிப் போட்டால் உறுத்தல் குறையும்.

கட்டும் வகையில்தான் பலர் தவறு செய்கிறார்கள். இறுக்கம் பிடிக்காது என்று நினைத்து ஓர் அளவு பெரிதாக வாங்கினால், கால் உள்ளே நகர்ந்து நகர்ந்து உரசல் கூடும். மெல்லிய உரசலைத் தாங்காத பிள்ளை, சீரான அழுத்தத்தை விரும்பவும் கூடும். கயிறு ஒரே இடத்தை அழுத்தும். அகலமான இரண்டு ஒட்டுப்பட்டைகள் அழுத்தத்தைப் பரப்பும், பிள்ளையே சரிசெய்துகொள்ளவும் முடியும். ஆனால் பட்டையைப் பிரிக்கும் சத்தமே ஆகாத பிள்ளைக்கு, இழுபடும் கயிறு பொருந்தும். விரல்முனையில் ஒரு பெருவிரல் அகல இடம் போதும். கால் சற்று வீங்கியிருக்கும் மாலையில் அளவு பார்ப்பது நல்லது.

உட்துணி மென்மையாக இருந்தால் மட்டும் போதாது. நம் நாட்டு வெயிலிலும் மழையிலும் தடித்த பஞ்சு ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஈரத்துணி காலில் ஒட்டுவதும் இப்பிள்ளைகளுக்கு ஆகாது. உள்பாதத்தைக் கழற்றிக் காயவைக்க முடிகிற சப்பாத்தே வசதி.

பள்ளி திறக்க இரண்டு வாரம் முன்பே வீட்டில் தினமும் பத்து நிமிடம் போட்டுப் பழக்கலாம். கழற்றிய பின் தோலில் பதிந்த சிவந்த தடம் அரை மணி நேரமாகியும் மறையாவிட்டால், அந்த இடம் அழுத்துகிறது என்று பொருள். வேறு சப்பாத்துதான் பார்க்க வேண்டும். சப்பாத்தோடு சட்டை லேபல், முடிவெட்டு, பல் துலக்குவது என எல்லாவற்றுக்கும் பிள்ளை துடித்தால், கிளினிக் மருத்துவரிடம் சொல்லி ஒக்குபேஷனல் தெரபி பிரிவுக்குப் பரிந்துரை கேட்கலாம்.